மூன்று விசைகளின் தொகுபயன்: எண்மதிப்பு சரியாக வருது, கோணம் மட்டும் நேர் எதிர்ப்பக்கம் காட்டுது

தேன்மொழி_11

ஒரு வளையத்தில் மூன்று கயிறுகள் கட்டி மூன்று பக்கமும் இழுக்கிறாங்க. 50 N விசை 160° திசையில், 80 N விசை 230° திசையில், 40 N விசை 30° திசையில். எல்லாக் கோணமும் x அச்சின் வலப்பக்கத்திலிருந்து கடிகார முள்ளுக்கு எதிராக அளந்தது. முதல் கேள்வி, தொகுபயன் விசையின் எண்மதிப்பும் திசையும். இரண்டாவது, வளையம் நகராமல் இருக்க நான்காவதாக எந்தத் திசையில் எவ்வளவு விசை வேணும்.

நான் கூறுகளாகப் பிரிச்சது இப்படி:

```
50 N, 160° :  x = -46.98    y = +17.10
80 N, 230° :  x = -51.42    y = -61.28
40 N,  30° :  x = +34.64    y = +20.00
கூட்டல்    :  Rx = -63.76   Ry = -24.18
```

R = 68.19 N. விடைப்பட்டியலிலும் அதே எண்தான். கோணத்துக்கு tan⁻¹(Ry/Rx) போட்டா 20.77° வருது. பட்டியலில் 200.8°னு இருக்கு. இரண்டாவது கேள்விக்கு, தொகுபயனுக்கு நேர் எதிர்னு 180 கூட்டினேன், 200.8° வந்தது. பட்டியலில் அதுக்கு 20.8°. ரெண்டு விடையும் இடம் மாறி அச்சாகி இருக்கோன்னு சந்தேகம். கால்குலேட்டர் டிகிரி மோடில்தான் இருக்கு, பார்த்துட்டேன்.

சாய்தளம்

tan⁻¹ போட்டு மைனஸ் கோணம் வந்தால்தான் 180 கூட்டணும். அதுதான் விதி. உங்களுக்கு பிளஸ்ஸில் 20.77 வந்திருக்கு, அதனால் திருத்தத் தேவையில்லை. எனக்கும் பட்டியலில் இடம் மாறிப் போனதாகத்தான் தோணுது. வேணும்னா 230°க்கு சைன், கொசைன் குறி சரியான்னு ஒரு தடவை பாருங்க, மூன்றாம் கால்பகுதியில் ரெண்டுமே மைனஸ்.

கோணமானி

தேன்மொழி, உங்கள் கூறுகள் நான்கு இலக்கம் வரை சரி. பட்டியலும் சரி. பிழை கடைசி வரியில் மட்டும்தான் இருக்கிறது.

கோணத்தை விட்டுவிட்டு முதலில் கூறுகளை மட்டும் பாருங்கள். Rx = -63.76 என்றால் தொகுபயன் இடப்பக்கம் இழுக்கிறது. Ry = -24.18 என்றால் கீழே இழுக்கிறது. இடமும் கீழும் சேர்ந்தால் மூன்றாம் கால்பகுதி, அதாவது 180°க்கும் 270°க்கும் நடுவில். 20.77° என்பது வலமும் மேலும். இந்த ஒரு பார்வையிலேயே கால்குலேட்டர் சொன்னது இந்த விசையின் திசை இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

ஏன் அப்படிச் சொன்னது? நீங்கள் அதனிடம் இரண்டு எண்களைக் கொடுக்கவில்லை, ஒரே ஒரு எண்ணைத்தான் கொடுத்தீர்கள். -24.18ஐ -63.76ஆல் வகுத்தால் +0.3792. வலமும் மேலுமாக இழுக்கும் +63.76, +24.18 என்ற விசைக்கும் அதே +0.3792தான். வகுத்த அந்த நொடியில் இரண்டு மைனஸும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. எது எந்தக் குறியோடு வந்தது என்ற தகவல் tan⁻¹ கைக்குப் போய்ச் சேரவே இல்லை. ஆகவே அது எப்போதும் -90°க்கும் +90°க்கும் இடையில் ஒரு கோணத்தை எடுத்துக் கொடுக்கும். அந்த வீச்சு முழுவதும் x அச்சின் வலப்பாதி. இடப்பாதியில் இருக்கும் எந்த விசைக்கும் வெறும் tan⁻¹ சரியான திசையைத் தர வாய்ப்பே கிடையாது.

அதனால் பார்க்க வேண்டியது Rxஇன் குறியை மட்டும். Rx மைனஸ் என்றால் tan⁻¹ தந்ததோடு 180 கூட்டுங்கள். Rx பிளஸ் என்றால் வந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் 20.77 + 180 = 200.77°.

சாய்தளம் சொன்னபடி மைனஸைப் பார்த்து 180 கூட்டுவது இரண்டாம் கால்பகுதியில் மட்டும் சரியாகும். அங்கே Rx மைனஸ், Ry பிளஸ், tan⁻¹ மைனஸில் வரும், 180 கூட்டினால் சரியாகிவிடும். அதனால்தான் அந்த விதி பலருக்குப் பழகிப்போய்விட்டது. நான்காம் கால்பகுதிக்குக் கொண்டு போங்கள்: Rx = +5, Ry = -3. tan⁻¹ தருவது -30.96°. இது மைனஸ்தான், ஆனால் சரியான திசை. வலமும் கீழும். மைனஸைப் பார்த்து 180 கூட்டினால் 149.04° ஆகி, சரியாக இருந்த விடை எதிர்ப்பக்கம் போய்விடும். மூன்றாம் கால்பகுதியிலோ விடை பிளஸ்ஸில் வந்தும் தவறாக இருக்கும், அதுதான் தேன்மொழிக்கு நடந்தது. கோணத்தின் குறி எதையும் சொல்லாது, Rxஇன் குறிதான் சொல்லும்.

தேன்மொழி_11

நன்றி ஐயா, இப்போ புரியுது. அப்போ இரண்டாவது கேள்விக்கு 200.77லிருந்து எதிர்ப்பக்கம் 20.77°, பட்டியலில் இருக்கிறது அதுதான். ஒரு சந்தேகம். தேர்வில் விடைப்பட்டியல் இருக்காது. R 68.19னு அழகா வந்துடுது, கோணம் தப்புன்னு எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?

கோணமானி

R சரியாக வருவது கோணத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அங்கே Rx, Ry இரண்டையும் வர்க்கம் எடுக்கிறோம், மைனஸ் அங்கேயும் காணாமல் போகிறது. குறியில் கோட்டை விட்டாலும் கூட R அதே எண்ணாகவே நிற்கும்.

இந்த tan⁻¹ பிழையைச் சோதிக்க ஒரே ஒரு பெருக்கல் போதும். வந்த R, வந்த கோணம் இரண்டையும் வைத்து x கூறைத் திரும்பக் கணக்கிடுங்கள். 68.19 × cos 20.77° = +63.76. உங்கள் அட்டவணையில் இருப்பது -63.76. எண் ஒன்றுதான், குறி எதிர். இப்படி வந்தால் சரியாக 180° விலகியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். 200.77° போட்டுப் பாருங்கள், -63.76 வந்து அட்டவணையோடு ஒட்டும். எண்ணே வேறாக வந்தால் அது கால்பகுதிப் பிழை இல்லை, கூட்டலிலோ மோடிலோ தேடுங்கள். ரேடியன் மோடில் இருந்தால் உங்கள் கணக்குக்கு 0.3625 என்று வந்திருக்கும், அதோடு 180 கூட்டி 180.36° என்று எழுதிவிடுகிற ஆட்களும் உண்டு.

நெம்புகோல்

கோணமானி சொன்னதில் தவறில்லை, ஆனால் மாணவர்களுக்கு நான் அந்த வழியைச் சொல்வதில்லை. குறிகளைத் தூக்கிவிட்டு வெறும் அளவுகளை வகுக்கச் சொல்வேன். 24.18ஐ 63.76ஆல் வகுத்து tan⁻¹ எடுத்தால் 20.77°. இது x அச்சோடு விசை செய்யும் குறுங்கோணம், அவ்வளவுதான். பிறகு ஒரு சின்னப் படம். இடப்பக்கம் ஒரு கோடு, அதன் முனையிலிருந்து கீழே ஒரு சிறிய கோடு, தொடக்கத்தையும் முடிவையும் இணைத்தால் தொகுபயன். இடப்பக்க x அச்சு 180°, அதைத் தாண்டி இன்னும் 20.77° கீழே போயிருக்கிறது, ஆக 200.77°. எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது என்று மனப்பாடம் தேவையில்லை, படமே சொல்லிவிடும்.

இந்த இரண்டு வழிகளையும் கலந்துவிடக் கூடாது. விடைத்தாள்களில் நான் அதிகம் பார்ப்பது இந்தக் கலப்படம்தான். Rx = -6, Ry = 4 என்று எடுத்துக்கொள்ளுங்கள். குறியோடு வகுத்தால் tan⁻¹ தருவது -33.69°, Rx மைனஸ் என்பதால் 180 கூட்டி 146.31°. குறியில்லாமல் வகுத்தால் 33.69°, படத்தில் இடமும் மேலும், 180லிருந்து கழித்து 146.31°. இரண்டும் ஒரே விடை. பாதிப் பேர் குறியைத் தூக்கிவிட்டு வகுக்கிறார்கள், பிறகு Rx மைனஸ் என்ற விதி நினைவுக்கு வந்து 33.69 + 180 = 213.69° என்று எழுதுகிறார்கள். மூன்றாம் கால்பகுதியில் இந்தக் கலப்படம் தற்செயலாகச் சரியான விடை தருவதால், தேன்மொழியின் கணக்கு மாதிரி ஒன்றைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது பிடிபடவே படாது.

காற்றுப்பதிவு

நான் போட்டுப் பார்த்தேன், எனக்கு 249.2° வருது. பட்டியலும் தப்பு, நீங்க எல்லாரும் சொல்றதும் தப்புன்னு நினைக்கிறேன். வடக்கு 0°, கிழக்கு 90°. இடப்பக்கம் மேற்கு, கீழே தெற்கு. மேற்கே 63.76, தெற்கே 24.18னா மேற்குக்குக் கொஞ்சம் தெற்காகப் போகுது. மேற்கு 270°, அதிலிருந்து 20.77 குறைஞ்சா 249.2°.

கோணமானி

நீங்கள் கண்டது அதே திசைதான். வளையம் இழுபடும் பக்கம் மாறவில்லை, அளக்கத் தொடங்கிய இடம் மாறியிருக்கிறது. கேள்வியில் x அச்சின் வலப்பக்கத்திலிருந்து, கடிகார முள்ளுக்கு எதிராக என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. நீங்கள் வடக்கிலிருந்து கடிகார முள் போகும் பக்கம் அளந்திருக்கிறீர்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக 90லிருந்து கழித்தால் போதும்: 90 - 200.77 = -110.77, 360 கூட்டினால் 249.23°. கப்பல், நில அளவை, காற்று இவற்றிலெல்லாம் உங்கள் முறைதான் வழக்கு. விசைக் கணக்கில் கேள்வி எதைச் சொல்கிறதோ அது.

காற்றுப்பதிவு

ஓ, தொடக்கத்தைக் கவனிக்கலை. இந்த இழைக்குள்ள வந்ததே என் கணக்குக்காகத்தான். காற்றுத் திசைப் பதிவுகளுக்குச் சராசரி எடுக்கணும். ஒரு பதிவு 350°, அடுத்தது 10°. ரெண்டும் ஏறக்குறைய வடக்கு. கூட்டி ரெண்டால் வகுத்தா 180°, அதாவது தெற்கு. இதுவும் இந்தக் கால்பகுதிப் பிழைதானா?

கோணமானி

விளைவு ஒரே மாதிரி இருக்கிறது, காரணம் வேறு. அங்கே tan⁻¹ வரவே இல்லை. 359°க்கு அடுத்து 0° வரும் என்பது சாதாரணக் கூட்டலுக்குத் தெரியாது, அதனால் வருகிற பிழை. மருந்து மட்டும் ஒன்றுதான்: கோணங்களைக் கூட்டாதீர்கள், கூறுகளைக் கூட்டுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் வடக்குக் கூறு கொசைன், கிழக்குக் கூறு சைன். 350°க்கும் 10°க்கும் வடக்குக் கூறுகள் 0.985, 0.985, கூட்டினால் 1.97. கிழக்குக் கூறுகள் -0.174, +0.174, கூட்டினால் சுழியம். திசை நேர் வடக்கு. வேகத்தையும் சேர்த்து எடை கொடுக்க வேண்டுமா என்பது உங்களுக்கு எந்தச் சராசரி வேண்டும் என்பதைப் பொறுத்தது. வேகத்தால் பெருக்கிவிட்டுக் கூட்டினால் பலமான காற்றின் திசை மேலோங்கும்.

நிரல்வண்டு

கணினியில் போடுபவர்கள் tan⁻¹ஐயே தொடத் தேவையில்லை. atan2 என்ற சார்பு இரண்டு கூறுகளையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும், வகுத்துத் தராததால் குறிகள் அழியாது, கால்பகுதியை அதுவே சரியாகத் தேர்ந்துகொள்ளும். Rx சுழியமாக இருந்தாலும் சிக்காது.

```
import math
Rx, Ry = -63.76, -24.18
R = math.hypot(Rx, Ry)                      # 68.19
t = math.degrees(math.atan2(Ry, Rx)) % 360  # 200.77
```

atan2 தரும் கோணம் -180க்கும் +180க்கும் இடையில் இருக்கும், இங்கே -159.23 வரும். `% 360` அதை 200.77 ஆக்குகிறது. பைத்தானில் கவலையில்லாமல் இதை நம்பலாம். சி மொழியின் fmod மைனஸை மைனஸாகவே விட்டுவிடும், அங்கே மைனஸ் என்றால் 360 கூட்டு என்று தனியாக எழுத வேண்டும்.

பெரிய பொறி வரிசையில் இருக்கிறது. பைத்தான், சி, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் y முதலில், x பிறகு. எக்செல்லில் தலைகீழ், x முதலில்:

```
=MOD(DEGREES(ATAN2(-63.76, -24.18)), 360)
```

இது எக்செல்லில் 200.77 தரும். அதே வரிசையில் பைத்தானில் எழுதினால் 249.23 வரும். காற்றுப்பதிவுக்கு வந்த அதே எண். வரிசையை மாற்றுவது வடக்கிலிருந்து கடிகார முள் பக்கமாக அளப்பதற்குச் சமம், அதனால் வடக்குமுறை வேண்டும் என்றால் வேண்டுமென்றே மாற்றிப் போடுவார்கள். விடை நம்பும்படியாக இருப்பதால் தெரியாமல் மாறிப்போனது கண்ணில் படாது. புதிய இடத்தில் பயன்படுத்தும் முன் x = 0, y = 1 கொடுத்துப் பாருங்கள். 90° வந்தால் வரிசை சரி, 0° வந்தால் மாறியிருக்கிறது.

தேன்மொழி_11

என் கால்குலேட்டரில் atan2 இல்லை. Pol( னு ஒண்ணு இருக்கு, அது இதுவா?

நிரல்வண்டு

அதேதான். Pol(-63.76, -24.18) என்று மைனஸோடு கொடுங்கள், x முதலில். R, கோணம் இரண்டும் சேர்ந்து வரும், 68.19, -159.23. டிகிரி மோடில் இருக்க வேண்டும்.

சாய்தளம்

Rx விதியை ஒத்துக்கிறேன், நான்காம் கால்பகுதியை நான் கணக்கில் எடுக்கலை. ஆனா ரெண்டு விசை மட்டும் இருக்கும்போது, P, Q, நடுவில் θன்னு கொடுத்து tan α = Q sin θ / (P + Q cos θ) போடுவோமே, அதில் இந்தப் பிரச்சினையே கிடையாது. θ எப்பவும் 180க்குள், சைன் எப்பவும் பிளஸ். கூறு பிரிக்காம இதையே பிடிச்சுக்கிட்டா போதும்.

நெம்புகோல்

அங்கேயும் இருக்கிறது, மறைந்து இருக்கிறது. அந்தச் சூத்திரத்தில் மேலே இருப்பது Ry, கீழே இருப்பது Rx, P விசையை x அச்சாக வைத்திருக்கிறார்கள். மேலே எப்போதும் பிளஸ் என்பது சரி. கீழே? P = 3 N, Q = 8 N, θ = 150° போட்டுப் பாருங்கள். Q sin θ = 4. P + Q cos θ = 3 - 6.93 = -3.93. tan⁻¹ தருவது -45.5°. P ஒருபக்கம், Q அதிலிருந்து 150° தள்ளி, தொகுபயன் இரண்டுக்கும் வெளியே Pயின் மறுபக்கம் எப்படிப் போகும்? 180 கூட்டினால் 134.5°, இரண்டுக்கும் நடுவில், பெரிய விசையான Q பக்கம் சாய்ந்து. எண்மதிப்பு 5.61 N.

θ விரிகோணமாக இருந்து, Q cos θவின் அளவு Pயை விடப் பெரியதாகவும் இருந்தால் கீழே உள்ளது மைனஸ் ஆகிவிடும். இரண்டு விசைகளுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு: α எப்போதும் 0க்கும் θவுக்கும் இடையில்தான் இருக்க முடியும். அந்த எல்லைக்கு வெளியே வந்தால் உடனே தெரிந்துவிடும். மூன்று விசை வந்துவிட்டால் அந்த வசதி போய்விடும், கூறுகள்தான்.

சாய்தளம்

இதில் மைனஸ் வந்ததும் 180 கூட்டுறது சரியாத்தானே வந்தது? மேலே எப்பவும் பிளஸ்ங்கிறதால, மைனஸ் வந்தா கீழே இருக்கிறது மைனஸ்னுதான் அர்த்தம். அப்போ ரெண்டு விசைச் சூத்திரத்துக்கு நான் முதலில் சொன்ன விதி போதும்.

நெம்புகோல்

அந்தச் சூத்திரத்துக்குள் மட்டும், ஆம். Ry மைனஸ் ஆக வழியில்லாத இடம் அது. ஆனாலும் அப்படிச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனமில்லை. மாணவர் அதைக் கூறு முறைக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

தேன்மொழி_11

விடை எழுதும்போது 200.8°னு எழுதணுமா, -159.2°னு எழுதணுமா?

கோணமானி

இரண்டும் ஒரே கோடு. கொடுக்கப்பட்ட கோணங்கள் 0 முதல் 360 வரை இருந்தால் விடையையும் அதே வடிவில், 200.8° என்று எழுதுவேன். கூடவே "இடப்பக்க x அச்சுக்குக் கீழே 20.8°" என்று சேர்த்து எழுதினால் திருத்துபவருக்குக் குழப்பமே வராது.

நெம்புகோல்

எனக்கு அந்தச் சொல் வடிவம் மட்டுமே போதும். எதிலிருந்து அளந்தது என்று தெரியாத கோணம் எனக்கு அரை விடைதான். கோணமானி எண்ணை முதலில் வைப்பார், நான் வைக்க மாட்டேன்.

காற்றுப்பதிவு

Rx சரியா சுழியம் வந்தா tan⁻¹ பிழை காட்டுது. சுழியத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்தா?

கோணமானி

சரியாகச் சுழியம் என்றால் வகுக்கவே வேண்டாம். Ry பிளஸ் என்றால் 90°, மைனஸ் என்றால் 270°. இரண்டும் சுழியம் என்றால் திசை என்று ஒன்று இல்லை. பைத்தானின் atan2 அப்போதும் 0 என்று ஒரு எண்ணைத் தரும், அதைக் கிழக்கு என்றோ வலப்பக்கம் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பக்கத்தில் இருந்தால் திருத்தாத tan⁻¹ பயங்கரமாகத் துள்ளும். Ry = 40 என்று வையுங்கள். Rx = +0.1 என்றால் +89.86°. முழுமையாக்கலில் அது -0.1 ஆனால் -89.86°. விசை துளிதான் நகர்ந்தது, விடை மேலிருந்து கீழே குதித்துவிட்டது. Rx மைனஸ் என்று 180 கூட்டினால் 90.14°, முந்தையதிலிருந்து கால் டிகிரிதான் வித்தியாசம். இப்படிக் குதித்தால் திருத்தம் எங்கோ விடுபட்டிருக்கிறது.

திருத்தியும் துள்ளுகிற இடம் ஒன்று உண்டு. விசைகள் எல்லாம் ஐம்பது, எண்பது நியூட்டன்களாக இருந்து, கடைசியில் Rx = -0.04, Ry = 0.03 என்று மிஞ்சினால், அது உண்மையில் ஒரு விசையா, இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கியதில் சேர்ந்த மிச்சமா என்று தெரியாது. கூறுகளைக் கால்குலேட்டர் நினைவிலேயே முழு இலக்கங்களோடு வைத்துக் கூட்டிப் பாருங்கள். மிச்சம் மறைந்துவிட்டால் அங்கே திசை எழுத ஒன்றுமில்லை.

காற்றுப்பதிவு

கருவியில் வர்ற பதிவுக்கு முழு இலக்கம் கிடையாதே. காற்று நாலாபக்கமும் அடிச்ச நேரத்தில் கூட்டுத்தொகை ரொம்பச் சின்னதா மிஞ்சும். எந்த அளவுக்குக் கீழே போனா திசையை எழுதாம விடலாம்?

நிரல்வண்டு

நான் Rஐ எல்லா அளவுகளின் கூட்டுத்தொகையால் வகுத்து, அந்த விகிதம் மிகச் சிறியதாக இருந்தால் திசைப் பெட்டியைக் காலியாக விடுகிறேன். எல்லாம் ஒரே பக்கம் என்றால் 1, முழுக்க அடிபட்டுப்போனால் 0. வெட்டு எங்கே என்பதை அவரவர் கருவியின் பிழை அளவைப் பார்த்து வைக்க வேண்டியதுதான்.

நெம்புகோல்

காலியாக விடுவதை விட, திசையையும் அந்த விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடலாம். படிப்பவர் முடிவு செய்யட்டும். வெட்டு வைத்தால் அதற்குச் சற்று மேலே இருப்பதை உறுதியான திசை என்று எடுத்துக்கொள்வார்கள்.